மலையில் பொதுக் கலைநிகழ்ச்சிக்கு அனுமதி கேட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி வட்டத்தில் ஓர் ஊர்ப் பொது மைதானத்தில் ஒரு மாலை நேரக் கலைநிகழ்ச்சி என்று வைத்துக்கொண்டு எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லியிருக்கிறோம். எண்கள் அந்த மைதானத்துக்கானவை. உங்கள் இடத்தை அளந்து உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்; கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

மனுவை யாரிடம் முதலில் கொடுக்கணும்? போலீஸா, பஞ்சாயத்தா?

இடம் யாருடையதோ அவரிடம்தான் முதலில். ஊராட்சி மைதானமானால் ஊராட்சி, நகராட்சி இடமானால் ஆணையர், பள்ளி மைதானமானால் தலைமையாசிரியர் வழியாகக் கல்வித்துறை, தனியார் நிலமானால் உரிமையாளரின் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம். இந்த ஒரு தாள் கையில் இல்லாமல் காவல் நிலையத்துக்குப் போனால், "இடம் யாரு குடுத்தாங்க?" என்ற முதல் கேள்வியிலேயே திரும்பி வரவேண்டியிருக்கும்.

அந்தத் தாளை இணைத்துக் காவல் நிலைய ஆய்வாளருக்கு மனு கொடுங்கள், டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு நகல் போகட்டும். ஒலிபெருக்கி அனுமதியும் பந்தோபஸ்தும் அங்கிருந்துதான் வரவேண்டும். அதே மனுவின் நகல்கள் வட்டாட்சியர், தீயணைப்பு நிலையம், சுகாதார ஆய்வாளர், உணவுப் பாதுகாப்பு அலுவலர், மின்வாரியம் ஆகியோருக்கும் போகும். காட்டோரமாக இருந்தால் வனச்சரக அலுவலகத்துக்கும் ஒன்று. எல்லோருக்கும் ஒரே மனு, ஒரே எண்கள். ஒரு அலுவலகத்துக்கு 500 பேர், இன்னொன்றுக்கு 1,500 பேர் என்று எழுதினால் இரண்டு கோப்பும் ஒரே மேசையில் சந்திக்கும் நாள் வரும்.

ஒவ்வொரு நகலிலும் பெறுகை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் முன்னால் கொடுப்பது நல்லது. திடக்கழிவு மேலாண்மை விதிகள், 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியைக் குறைந்தது 3 வேலை நாள் முன்பாகவாவது உள்ளாட்சிக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. அது குப்பைக்கான கெடு மட்டும்தான். மற்ற அனுமதிகளுக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

எத்தனை பேர் வருவாங்கன்னு எங்களுக்கே தெரியாது. மனுவில் என்ன எழுதுறது?

இரண்டு எண் எழுத வேண்டும். நிகழ்ச்சி நேரம் முழுக்க வந்துபோகிறவர்களின் மொத்தம் ஒன்று. ஒரே நேரத்தில் மைதானத்துக்குள் இருக்கக்கூடிய உச்சம் இன்னொன்று. அதிகாரிகள் பார்ப்பது இரண்டாவதை. அது ஆசையில் வருகிற எண் அல்ல, டேப் பிடித்து அளந்தால் வருகிற எண்.

நம் உதாரண மைதானம் 50 மீட்டர் நீளம், 36 மீட்டர் அகலம். அதாவது 1,800 சதுர மீட்டர். ஒரு முனையில் மேடைக்கும் அதன் பின்புறத்துக்கும் 10 மீட்டர் ஆழம் போனால் 360 கழிகிறது. மைதானத்தின் ஒரு பக்கம் பள்ளம். அந்த விளிம்பை ஒட்டி மீதி 40 மீட்டர் நீளத்துக்கும் 3 மீட்டர் அகலத்தில் யாரும் நிற்கக் கூடாது, அது 120. உணவுக் கடைகளுக்கும் அவற்றின் முன் நிற்கும் வரிசைக்கும் 200. ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் வர 4 மீட்டர் அகலத்தில் 40 மீட்டர் வழி, அது 160. எல்லாம் போக 960 சதுர மீட்டர் மிஞ்சும்.

நாற்காலி போட்டு, இடையில் நடைவழியும் விட்டால் ஆளுக்குச் சுமார் ஒரு சதுர மீட்டர் பிடிக்கும். கணக்குப்படி 960 பேர். ஆனால் ஸ்பீக்கர் கட்டுக்குப் பின்னாலும் பந்தல் காலுக்குப் பக்கத்திலும் யாரும் உட்காரமாட்டார்கள். ஆகவே உச்சம் 800 என்று எழுதுகிறோம். கலைஞர்கள் 60, தன்னார்வலர்கள் 40 தனி. மொத்தம் உள்ளே 900 பேர். நாள் முழுவதற்குமான வருகை 1,200.

மலையில் தட்டையாகக் கிடைக்கும் நிலம் கொஞ்சம்தான் என்பதால் அந்த 3 மீட்டர் விளிம்பை விட மனம் வராது. ஆனால் இடத்தைப் பார்வையிட வருபவர் நேராகப் போய் நிற்பது அங்கேதான். மனுவோடு வைக்கும் வரைபடத்தில் அந்த விளிம்பையும், இடுப்பளவு சவுக்குக் கம்புத் தடுப்பையும் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள்.

எதுக்கு ரெண்டு வழி, மூணு வழின்னு கேட்கிறாங்க? எங்க கேட் பெருசாத்தான் இருக்கு.

பெரிய கேட்டே அடைபட்டால் என்ன ஆகும் என்பதுதான் அவர்கள் கேட்பது. சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்குச் சுமார் 80 பேர் தாராளமாக வெளியேறலாம். படிக்கட்டில் சுமார் 65. நம் மைதானத்துக்குச் சாலைப் பக்கம் 3 மீட்டர் கேட், கீழ்த்தெருவுக்கு இறங்கும் 1.5 மீட்டர் படிக்கட்டு என இரண்டு வழி உண்டு. இரண்டும் திறந்திருந்தால் நிமிடத்துக்கு 240-ம் 97-மாக 337 பேர். உள்ளே இருக்கும் 900 பேரும் மூன்று நிமிடத்துக்குள் வெளியே.

இப்போது கேட்டின் குறுக்கே ஒரு வேன் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு மட்டும்தான் வழி. 900 பேருக்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவும் நனைந்த படியில், இருட்டில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு. இது போதாது. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் வேலியை 2 மீட்டர் அகலத்துக்குக் கழற்றி, தோட்டக்காரரின் சம்மதக் கடிதத்தோடு மூன்றாவது வழி திறந்தால் நிமிடத்துக்கு 160 பேர் கூடுவார்கள். கேட் அடைபட்டாலும் மூன்றரை நிமிடத்தில் எல்லோரும் வெளியேறிவிடலாம். மனுவில் "போதிய வெளியேறும் வழிகள் உள்ளன" என்ற வரிக்குப் பதிலாக இந்தக் கணக்கை எழுதுங்கள்.

மலையில் கூட்டம் ஒரே நேரத்தில் எழுந்து ஓடுவதற்குத் தீ வேண்டியதில்லை, சடசடவென்று ஒரு மழை போதும். அப்போது எல்லோரும் பழகிய ஒரே வாசலுக்குத்தான் போவார்கள். அதனால் மற்ற இரண்டு வழிகளுக்கும் விளக்கும் பலகையும் தலா ஒரு தன்னார்வலரும் வேண்டும். படிக்கட்டின் இருபுறமும் கைப்பிடி இல்லையென்றால் சவுக்குக் கம்பு கட்டிவிடுங்கள்.

சொன்னதுக்கு மேல ஆள் வந்துட்டா?

800-இல் நிறுத்த வேண்டியதுதான். அதற்கு எண்ணுகிற ஆள் வேண்டும். ஒவ்வொரு வழியிலும் ஒருவர் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கையெண்ணியால் எண்ணி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒருங்கிணைப்பாளருக்குச் சொல்லட்டும். 700 வந்ததும் வண்டி நிறுத்துமிடத்துக்குத் தகவல் போக வேண்டும், 800-இல் கேட்டை மூட வேண்டும். மூடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை மனுவிலேயே பெயரும் கைபேசி எண்ணும் போட்டு எழுதுங்கள். விழாக் குழுவில் பத்துப் பேர் இருந்தால் அந்த நேரத்தில் பத்துப் பேரும் தயங்குவார்கள்.

கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். உங்களுடையது அரசியல் கூட்டம் இல்லைதான். ஆனாலும் "முக்கியமானவர் எத்தனை மணிக்கு வருகிறார்?" என்ற கேள்வி வந்தால் நேரத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். பிரபலமான பாடகரோ நடிகரோ வருவதாக இருந்தால் மறைக்காதீர்கள். அந்த ஒரு பெயரால் 1,200 பேர் 4,000 ஆகலாம்.

நேரம் எப்படி எழுதணும்? "மாலை 4 முதல் இரவு 10 வரை"ன்னு போட்டா போதாதா?

போதாது, 10-ம் வேண்டாம். ஒலி மாசு விதிகள் (2000) படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு ஆண்டுக்கு 15 நாள்தான் உண்டு. அது உங்கள் குழு கேட்டவுடன் கிடைப்பதல்ல. 10 மணிக்கு நிகழ்ச்சி முடிகிறது என்று எழுதினால், நன்றியுரை 10:20-க்கு ஓடிக்கொண்டிருக்கும் என்பது வாசிப்பவருக்குத் தெரியும்.

மலையில் இன்னும் சீக்கிரமே முடிக்கக் காரணங்கள் இருக்கின்றன. பேருந்து குறைந்துவிடும், மூடுபனி இறங்கும், தேயிலைத் தோட்டத்து வழிகளில் காட்டெருமையும் கரடியும் நடமாடும் நேரம் அது. எங்கள் யோசனை, 8:30-க்கு மைக் நிறுத்தம். மனுவில் நேரத்தை இப்படிப் பிரித்து எழுதுங்கள்:

"பந்தல், மேடை வேலை: முந்தைய நாள் காலை 8 முதல். ஒலி சோதனை: நிகழ்ச்சி நாளன்று பிற்பகல் 2 முதல் 2:30 வரை. பொதுமக்கள் அனுமதி: 3:30. நிகழ்ச்சி தொடக்கம்: 4:00. இடைவேளைகள்: 5:30 முதல் 6:00 வரை, 7:10 முதல் 7:30 வரை. ஒலிபெருக்கி நிறுத்தம்: 8:30. கூட்டம் கலைதல்: 9:00-க்குள். குப்பை அகற்றி முடித்தல்: இரவு 10:30. மைதானம் ஒப்படைப்பு: மறுநாள் நண்பகல் 12."

சம்பிரதாயப்படி விடிய விடிய நடக்கும் ஆட்டமாக இருந்தால் பிரச்சினை ஆட்டத்தில் இல்லை, மைக்கில்தான். இரவு 10-க்குப் பிறகு ஒலிபெருக்கி இல்லை என்று மனுவில் தனி வரியாக எழுதி, மேளத்தின் சத்தத்தைப் பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

சத்தம் எவ்வளவு வரைக்கும் வைக்கலாம்?

குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல். பொது இடத்தின் எல்லையில் அதற்கு மேல் 10 வரை அல்லது 75, இரண்டில் எது குறைவோ அது. குடியிருப்பு என்றால் 65 என்று ஆகிறது. அதாவது மைதானத்தின் வேலியோரம் நிற்கிற இருவர் கத்தாமல் பேசிக்கொள்ள முடிய வேண்டும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருந்தால் வரம்பு அதைவிடக் குறைவு. பள்ளி மைதானத்தையே கேட்பவர்கள் இதை முதலில் விசாரியுங்கள்.

பள்ளத்தாக்கில் சத்தம் சமவெளியில் போவது போலப் போகாது. எதிர்மலையில் இருக்கும் ஊருக்குத் தெளிவாகக் கேட்கும், நடுவில் இருக்கும் தோட்டத்துக்குக் கேட்காது. கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம். பெட்டி ஸ்பீக்கர்களை மலைச்சரிவைப் பார்த்து, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். ஒலி சோதனையின்போது ஒருவர் கைபேசிச் செயலியோடு நான்கு எல்லைகளிலும் நடந்து பார்க்கட்டும். கைபேசி காட்டுவது துல்லியமல்ல, ஆனால் 80 காட்டினால் குறைக்க வேண்டும் என்பதற்கு அது போதும்.

கழிப்பறை எத்தனை? "இருக்கிற பொதுக்கழிப்பிடம் போதும்"னு சொல்லலாமா?

இதில்தான் பெரும்பாலான மனுக்கள் சறுக்குகின்றன. பொதுவாகச் சொல்லும் கணக்கு 100 பெண்களுக்கு ஒன்று. உள்ளே 400 பெண்கள் என்றால் நான்கு. தாளில் சரியாகத்தான் இருக்கும். இடைவேளையில் பாருங்கள்: கால்வாசிப் பேர், அதாவது 100 பெண்கள் ஒரே நேரத்தில் எழுந்து போகிறார்கள். ஆளுக்கு 2 நிமிடம் என்றால் நான்கு கழிப்பறைக்கு 50 நிமிடம். 15 நிமிட இடைவேளை எந்த மூலைக்கு? குளிரில் சிறுநீர் அடிக்கடி வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் மாலையில் கால்வாசி என்பது குறைந்த மதிப்பீடு.

பெண்களுக்கு எட்டு வைத்தால் அதே 100 பேர் 25 நிமிடத்தில் முடிப்பார்கள். அதனால்தான் மேலே முதல் இடைவேளையை அரை மணியாக்கி, இரண்டாவதும் ஒன்று வைத்தோம். ஆண்களுக்கு 2 கழிப்பறையும் 6 சிறுநீர் இடங்களும், மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளத்தோடு ஒன்றும். பெண்கள் பக்கம் மூடியுள்ள குப்பைத்தொட்டியும் நல்ல வெளிச்சமும் வேண்டும். அங்கே நிற்கும் தூய்மைப் பணியாளர் பெண்ணாக இருக்கட்டும்.

தண்ணீர்க் கணக்கு இது: 1,200 பேரில் சுமார் 900 முறை பயன்பாடு, முறைக்கு 4 லிட்டர் என்றால் 3,600 லிட்டர். ஊர்க் குழாயை நம்பாமல் லாரித் தண்ணீருக்குச் சொல்லிவைக்க வேண்டும். உள்ளே போகும் தண்ணீரெல்லாம் அடியில் இருக்கும் தொட்டியில்தான் தங்கும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். நடமாடும் கழிப்பறை தருபவரிடம் "எத்தனை கழிப்பறை?" என்று மட்டும் கேட்காமல், "தொட்டிகள் எல்லாம் சேர்த்து எத்தனை லிட்டர் பிடிக்கும், நடுவில் உறிஞ்சி எடுக்க வண்டி வருமா?" என்றும் கேளுங்கள். இரவு 7 மணிக்குத் தொட்டி நிரம்பினால் மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி ஏறி வராது.

நடமாடும் கழிப்பறை வண்டி நிற்க மட்டமான தரை தேவை. சாய்ந்து நின்றால் ஒரு பக்கத் தொட்டி நிரம்பி வழியும். ஊர் ஊற்றுக்கும் ஓடைக்கும் மேல்புறச் சரிவில் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். கைகழுவும் தண்ணீரும் அந்தப் பக்கம் இறங்கக் கூடாது.

குடிநீர், சாப்பாடு, குப்பை?

நீலகிரிக்குள் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லை. 20 லிட்டர் கேன் 60 வைத்தால் 1,200 பேருக்கு ஆளுக்கு ஒரு லிட்டர். எவர்சில்வர் டம்ளரும் கழுவும் இடமும் வேண்டும். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்பும் தட்டும் மாநிலம் முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் தடையில் உள்ளவை. தேநீர்க் கடைக்காரர் "பேப்பர் கப்தானே" என்று கொண்டுவருவார், அபராதம் குழுவின் தலையில் விழும். பாக்குமட்டைத் தட்டு, வாழையிலை என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். உணவுக் கடைகளின் பதிவுச் சான்று நகல்களையும் இணையுங்கள். அன்னதானமாக இருந்தாலும் பதிவு வேண்டும்.

தட்டும் மிச்சமும் சேர்த்து ஆளுக்கு 150 முதல் 200 கிராம் என்று வைத்தால் மொத்தம் 180 முதல் 240 கிலோ வரை வரும். மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று என ஜோடியாகப் பத்து இடங்களில் மூடியுள்ள தொட்டி வையுங்கள். "மறுநாள் காலை அகற்றப்படும்" என்று மட்டும் எழுதாதீர்கள். கோத்தகிரிப் பக்கம் சாப்பாட்டு வாசனைக்குக் கரடி வருவதும், காலையில் குப்பை கிளறப்பட்டுக் கிடப்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. அன்றிரவே வண்டி ஏற்றி உள்ளாட்சி சொல்லும் இடத்தில் சேர்ப்பதாக எழுதுங்கள். வண்டி எண்ணும் இருந்தால் நல்லது.

வண்டி எங்கே நிறுத்துறது? ரோட்டோரம் விட்டுடலாமா?

கூடாது. மலைச் சாலையில் ஒருபக்கம் நான்கு கார் நின்றாலே பேருந்துக்குக் கொண்டை ஊசி வளைவு திரும்பாது. ஊர்க்காரர்கள் நடந்தே வந்துவிடுவார்கள். உச்ச நேரத்தில் சுமார் 350 பேர் வண்டியில் வருவார்கள் என்று வைத்தால் வேன் 8, கார் 30, இருசக்கர வாகனம் 45 ஆகும். திரும்பும் இடத்தோடு காருக்கு 25 சதுர மீட்டர், வேனுக்கு 50, பைக்குக்கு 3 என்று போட்டால் ஏறக்குறைய 1,300 சதுர மீட்டர். மைதானம் போல முக்கால் பங்கு இடம்! தேயிலைத் தொழிற்சாலை முற்றமோ பள்ளி வளாகமோ கிடைத்தால், அதற்கான சம்மதக் கடிதமும் அங்கிருந்து நடந்துவரும் பாதைக்கு விளக்கும் வேண்டும்.

கீழே இருந்து வரும் கலைஞர்களின் வேன், மைக்செட் லாரி எல்லாவற்றுக்கும் epass.tnega.org தளத்தில் இ-பாஸ் எடுத்து நகலை மனுவோடு வையுங்கள். 2025 கோடையில் உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பு வந்தது. சீசனில் நிகழ்ச்சி வைப்பவர்கள் கடைசி நாளில் பாஸ் தேடினால் மைக்செட் குஞ்சப்பனை சோதனைச் சாவடியிலேயே நிற்கும்.

தீ, மின்சாரம், மருத்துவம் பற்றி என்ன எழுதினா ஏத்துக்குவாங்க?

"தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்யப்படும்" என்ற வரியைத் தவிர எது எழுதினாலும் ஏற்பார்கள்! எது, எத்தனை, எங்கே, யார் பொறுப்பு என்ற நான்கும் இருக்க வேண்டும். மேடையருகில் ஒன்று, ஜெனரேட்டர் அருகில் ஒன்று, ஒவ்வொரு சமையல் கடைக்கும் ஒன்று என்று தீயணைப்பான்களை வரைபடத்தில் குறியுங்கள். சிலிண்டர் பந்தலுக்கு வெளியே இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்கான 4 மீட்டர் வழியில் தேநீர்க் கடை முளைத்துவிடாமல் பார்க்க ஓர் ஆள் போடுங்கள். குளிர்காலத்தில் கூட்டத்தின் ஓரத்தில் யாராவது குளிர் காய நெருப்பு மூட்டுவார்கள். தடுக்க முடியாது என்று தோன்றினால் பந்தலுக்குத் தள்ளி ஓர் இடம் ஒதுக்கி, பக்கத்தில் இரண்டு வாளி மணலும் தண்ணீரும் வைத்துவிடுங்கள். அதையும் மனுவில் காட்டலாம்.

மின்சாரத்துக்குத் தற்காலிக இணைப்பு, உரிமம் பெற்ற மின்பணியாளரின் கையெழுத்து, கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி. மலையில் புல்தரை எப்போதும் ஈரம். ஒயரைத் தரையில் ஓடவிடாமல் தூக்கிக் கட்ட வேண்டும். பந்தல் காலை இளகிய மண்ணில் ஊன்றினால் ராத்திரிக் காற்றுக்கு நிற்காது. மணல்மூட்டை எத்தனை என்று பந்தல்காரரிடம் எழுதி வாங்குங்கள்.

மருத்துவத்துக்கு முதலுதவி மேசை ஒன்றும் செவிலியர் ஒருவரும். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எத்தனை கிலோமீட்டர், இரவில் எத்தனை நிமிடம் என்பதை ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். 108 வண்டி வேறு அழைப்புக்குப் போயிருக்கலாம் என்பதால் ஓட்டுநரோடு ஒரு ஜீப் தயாராக நிற்கட்டும்.

எல்லாம் எழுதியும் திருப்பி அனுப்பிட்டாங்க. எங்கே தப்பு?

முதலில் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். உச்சம் 800 என்று எழுதிவிட்டு நாற்காலி வாடகைச் சீட்டு 1,500-க்கு இருக்கும். மனுவில் 8:30, சுவரொட்டியில் "இரவு 10 வரை" என்றிருக்கும். பொறுப்பாளரின் கைபேசி எண் ஊரில் சிக்னல் கிடைக்காத ஒன்றாக இருக்கும். காரணம் எழுத்தில் வந்திருந்தால் முழு மனுவையும் புதிதாகத் தராமல், அந்தக் குறையை மட்டும் நிவர்த்தி செய்து, பழைய பெறுகைத் தேதியைக் குறிப்பிட்டுத் துணைக் கடிதம் கொடுங்கள். வாய்மொழியாக மட்டும் சொல்லியிருந்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி ஒரு கடிதம். அனுமதி கைக்கு வந்தபின் அதில் உள்ள நிபந்தனைகளை நகலெடுத்து மைக்செட்காரர், பந்தல்காரர், உணவுக் கடைக்காரர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். 8:30-க்கு சுவிட்சை அணைக்க வேண்டியவர் மைக்செட்காரர்தான். அந்த நேரம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.